வீட்டிலிருந்து வேலை கேட்டுக் கடிதம்: எந்தக் கிழமை, எத்தனை மணி, கூப்பிட்டால் எப்படிக் கிடைப்பீர்கள்

வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி கேட்டு எழுதும்போது, பலர் முக்கால் பக்கத்தைக் காரணத்துக்கே கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளை, மாமியார், முழங்கால் வலி, எம்ஆர்டி கூட்டம் எல்லாம் வந்துவிடும். மேலாளர் படித்துவிட்டு இரக்கப்படுவார். ஆனால் அவர் மனத்தில் ஓடுவது வேறு: செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு ஒரு சப்ளையர் போன் போட்டுக் கத்தினால் யார் பதில் சொல்வது? இந்தக் கேள்விக்குக் கடிதத்திலேயே பதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அதனால் இங்கே காரணத்தைச் சுருக்கமாகவும், கால அட்டவணையையும் தொடர்பு வழிகளையும் விரிவாகவும் பார்க்கப்போகிறேன்.

முதலில் விதி என்ன சொல்கிறது

நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கான கோரிக்கைகள் பற்றிய முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ளன. தகுதிகாண் காலத்தை, அதாவது புரொபேஷனை, முடித்த ஊழியர் முறைப்படி கோரிக்கை வைக்கலாம். நிறுவனம் அதை முறையாகப் பரிசீலித்து, கோரிக்கை கிடைத்த இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் சொல்ல வேண்டும்.

இதை வைத்து, "வீட்டிலிருந்து வேலை பார்ப்பது என் உரிமை" என்று எழுதிவிடாதீர்கள். நெறிமுறை கேட்பதற்கும் பதில் பெறுவதற்கும் வழி செய்கிறது. அனுமதி கிடைத்தே தீரும் என்று அது சொல்லவில்லை. முடிவு நிறுவனத்தின் கையில்தான்.

முறையான கோரிக்கையில் நான்கு விவரம் இருக்க வேண்டும்: கோரிக்கை வைக்கும் தேதி; எந்த வகை ஏற்பாடு, எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு காலத்துக்கு; அதற்கான காரணம்; எப்போது தொடங்க விரும்புகிறீர்கள், முடியும் தேதி உண்டென்றால் அது எது. உங்கள் நிறுவனத்துக்கென்று தனிப் படிவம் இருந்தால் அதையே நிரப்பிக் கொடுங்கள், கடிதத்தை அதனுடன் இணையுங்கள். இல்லையென்றால் இந்த நான்கும் உள்ள மின்னஞ்சலே போதும்.

புரொபேஷன் முடியாதவர்கள் கேட்கவே கூடாது என்றில்லை. ஆனால் இந்த இரண்டு மாதக் கணக்கைக் காட்டிப் பதில் கேட்க முடியாது. வாய்விட்டுக் கேட்டுப் பார்க்கலாம், கிடைத்தால் நல்லது.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம்

செங்காங்கில் வீவக வீட்டில் இருக்கும் ஒரு அக்கா. அலுவலகம் துவாஸில், சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவு. வேலை, சப்ளையர்களின் பில்களைச் சரிபார்த்துப் பணம் கொடுக்க ஏற்பாடு செய்வது. வடகிழக்கு ரயிலில் அவுட்ரம் பார்க் வரை, அங்கே மாறி துவாஸ் லிங்க், பிறகு பேருந்து. வீட்டு வாசலிலிருந்து மேசை வரை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அலுவலக நேரம் காலை 8.30 முதல் மாலை 5.30, மதியம் ஒரு மணி நேர இடைவேளை.

இந்த அக்காவின் மகன் இந்த ஆண்டு தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்திருக்கிறான். பள்ளி மதியம் 1.30க்கு விடுகிறது. மாமியார் வீட்டில் பேரனைப் பார்த்துக்கொள்வார், ஆனால் முழங்கால் அறுவைக்குப் பிறகு பள்ளி வரை நடக்க முடியாது. திங்கள், வியாழன், வெள்ளி நாத்தனார் போய்க் கூட்டி வருகிறார். மிச்சம் இருப்பது செவ்வாயும் புதனும்.

ஒரு வாரத்து வேலையைப் பிரித்துப் பாருங்கள்

எழுத உட்காரும் முன்பு ஒரு வாரம் முழுக்க, செய்யும் ஒவ்வொரு வேலையும் எங்கே நடக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மேசைக்கு வரும் காகிதம், கையொப்பம், ஆட்களை நேரில் பார்க்க வேண்டியது ஒரு பக்கம். கணினி மட்டும் போதும் என்பது இன்னொரு பக்கம்.

நம் உதாரணத்தில் காகிதமாக வரும் பில்களும் டெலிவரி சீட்டுகளும் வார இறுதியில் குவிந்து திங்கள்கிழமை பிரிக்கப்படும். குழுக் கூட்டமும் திங்களன்றுதான். வியாழக்கிழமை இயக்குநர் கையொப்பமிட்டு வாரப் பட்டியலுக்குப் பணம் போகும். இரண்டுக்கும் இடையில், ஸ்கேன் செய்த பில்லைக் கொள்முதல் உத்தரவோடு ஒப்பிடுவது, சப்ளையர் அனுப்பும் கணக்கு அறிக்கையோடு நம் பதிவைச் சரிபார்ப்பது, பணப் பட்டியல் தயாரிப்பது. இவை முழுக்கக் கணினி வேலை, நடப்பதும் பெரும்பாலும் செவ்வாய், புதன். ஆக, பிள்ளைக்குத் தேவையான நாளும் வேலை அனுமதிக்கும் நாளும் இங்கே ஒன்றாக வந்துவிட்டன. எல்லாருக்கும் இப்படி வராது. வராவிட்டால், வேலை அனுமதிக்கும் நாளை எழுதிவிட்டு வீட்டு ஏற்பாட்டைத்தான் மாற்றப் பாருங்கள். மறுபக்கமாகச் செய்தால் மேலாளர் முதல் பார்வையிலேயே ஓட்டையைக் கண்டுபிடித்துவிடுவார்.

இன்னொன்று, திங்களும் வெள்ளியும் கேட்பதற்கு முன் யோசியுங்கள். நேர்மையாகவே கேட்டாலும் நீண்ட வாரயிறுதி வாடை அடிக்கும்.

மாதக் கடைசியையும் மறக்க வேண்டாம். கணக்குப் பிரிவில் மாதத்தின் கடைசி இரண்டு வேலை நாளும் அடுத்த மாதத்தின் முதல் மூன்று வேலை நாளும் கணக்கு முடிக்கும் நேரம். அந்த ஐந்து நாளில் செவ்வாய், புதன் வந்தாலும் அலுவலகம் வருவேன் என்று நீங்களே எழுதிவிடுங்கள். அவர்கள் கேட்டு நீங்கள் ஒப்புக்கொள்வதைவிட இது மேல். அந்த நாள்களில் பிள்ளையை யார் கூட்டி வருவது என்பதை இப்போதே நாத்தனாரிடம் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். கடிதத்தில் வாக்குக் கொடுத்துவிட்டு முதல் மாதமே தடுமாறினால் பெயர் கெட்டுவிடும்.

நேரத்தை எழுதும் விதம்

"வழக்கமான வேலை நேரம்" என்று பொதுவாக எழுதாமல் மணியைப் போடுங்கள். இந்த உதாரணத்தில் மதிய இடைவேளைதான் முக்கியம். அலுவலகத்தில் அது 12 மணிக்கு. பள்ளி விடுவதோ 1.30க்கு. அதனால் வீட்டு நாள்களில் இடைவேளை 1.15 முதல் 2.15 வரை என்று தெளிவாக எழுத வேண்டும். இதை மறைத்து, சும்மா பத்து நிமிடம் எழுந்து போய் வந்துவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. மேலாளர் 1.35க்கு அழைத்து, பின்னால் பள்ளி மணி கேட்டால் அத்தோடு முடிந்தது. எழுதி வைத்துவிட்டால் அது இடைவேளை, அவ்வளவுதான். மொத்த நேரம் எட்டு மணி அப்படியே இருக்கிறது.

2.15க்குப் பிறகு பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்ற கேள்வி கட்டாயம் வரும். ஒரே வரியில் பதில் சொல்லுங்கள்: பாட்டி வீட்டில் இருக்கிறார். பிள்ளையைப் பார்த்துக்கொண்டே வேலை பார்ப்பேன் என்ற தொனி எங்கும் வரக்கூடாது.

கூப்பிட்டால் கிடைப்பது

"எப்போதும் தொடர்பில் இருப்பேன்" என்ற வரி பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் இரண்டு வகையில் கெடுதல். மேலாளருக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. உங்களுக்கோ இரவு ஒன்பது மணிக்கு அழைப்பு வந்தால் மறுக்க வாயில்லை. அதற்குப் பதில் எந்த வழியில், எவ்வளவு நேரத்துக்குள் என்று பிரித்து எழுதுங்கள்.

மேசைத் தொலைபேசியின் அழைப்பு கைபேசிக்குத் திருப்பிவிடப்படும். டீம்ஸ் செய்திக்கு 15 நிமிடத்துக்குள் பதில். மின்னஞ்சலுக்கு இரண்டு மணி நேரத்துக்குள். உடனடி விஷயம் என்றால் நேராகக் கைபேசி அழைப்பு, செய்தி இல்லை. வாட்ஸ்அப்பை வேலைப் பேச்சுக்குத் தவிர்த்துவிடுவது நல்லது. சப்ளையரின் வங்கி விவரமும் குடும்பக் குழுவின் காலை வணக்கமும் ஒரே இடத்தில் கலக்க வேண்டாம். எண்ணிக்கை உங்கள் அலுவலக வழக்கத்துக்கு ஏற்றபடி மாறலாம். ஆனால் காப்பாற்ற முடியாத வேகத்தை எழுதாதீர்கள். 5 நிமிடம் என்று எழுதி 12 நிமிடத்தில் பதில் சொன்னால் தாமதம். 15 என்று எழுதியிருந்தால் அதே 12 சரியான நேரம்.

அடுத்தது, இணையம் போனால் என்ன செய்வீர்கள்? முதலில் கைபேசி ஹாட்ஸ்பாட். அதுவும் சரிவராவிட்டால் அரை மணி நேரத்தில் மேலாளருக்கு அழைப்பு, பிறகு அலுவலகத்துக்குப் புறப்படுவது. செங்காங்கிலிருந்து துவாஸுக்கு ஒன்றரை மணி ஆகும் என்பதால், இரண்டு மணி நேரத்தில் வந்துசேர்வேன் என்று உண்மையை எழுதுங்கள். கோப்பிக்கடையிலோ நூலகத்திலோ உட்கார்ந்து பொது வைஃபையில் பார்ப்பேன் என்று மட்டும் எழுத வேண்டாம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நிறுவனம் தன்னிடம் உள்ள தனிநபர் தகவலைப் பாதுகாக்கக் கடமைப்பட்டது. பக்கத்து மேசைக்காரருக்குத் திரை தெரியும் இடத்தில் அதைத் திறக்க எந்த மேலாளரும் சம்மதிக்க மாட்டார்.

கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டும், இதைப் பலர் யோசிப்பதில்லை. இயக்குநர் பெயரிலோ சப்ளையர் பெயரிலோ, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்" என்று போலி மின்னஞ்சல் வருவது வழக்கமான மோசடி. அலுவலகத்தில் இருந்தால் திரும்பி, பக்கத்து மேசையில் கேட்டுவிடலாம். வீட்டில் தனியாக இருக்கும்போது அது இல்லை. அதனால், வங்கி விவர மாற்றம் எதையும் வீட்டு நாளில் பதிவு செய்ய மாட்டேன், அலுவலக நாளில் ஏற்கெனவே கோப்பில் உள்ள எண்ணுக்கு அழைத்து உறுதி செய்த பிறகே செய்வேன் என்று எழுதுங்கள். நிதி மேலாளருக்கு இந்த ஒரு வரி போதும், உங்களுக்கு வேலை தெரியும் என்று புரிந்துவிடும்.

நேரில் ஆள் தேவைப்பட்டால் யார் என்பதையும் எழுதுங்கள். முக்கியம், அந்தச் சக ஊழியரிடம் முன்பே கேட்டுச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். பதிலுக்கு அவருடைய விடுப்பு நாளில் நீங்கள் என்ன பார்த்துக்கொள்வீர்கள் என்பதையும் பேசிவிடுங்கள்.

கடிதம்

நடைமுறையில் இது ஆங்கிலத்தில்தான் போகும். அமைப்பு புரிய இங்கே தமிழில்:

> தேதி: 2 மார்ச் 2026
>
> மதிப்பிற்குரிய மேலாளருக்கு,
>
> பொருள்: வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க முறையான கோரிக்கை
>
> 12 மே 2026 முதல் 12 ஆகஸ்ட் 2026 வரை, செவ்வாய், புதன்கிழமைகளில் செங்காங்கில் உள்ள என் வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி கேட்கிறேன். மற்ற மூன்று நாளும் அலுவலகத்தில் இருப்பேன்.
>
> காரணம்: தொடக்கநிலை ஒன்றில் படிக்கும் என் மகனை அந்த இரண்டு நாளும் மதியம் 1.30க்குப் பள்ளியிலிருந்து கூட்டி வர வேறு ஆள் இல்லை. அதன் பிறகு அவனை வீட்டில் பாட்டி பார்த்துக்கொள்வார்.
>
> நேரம்: வீட்டு நாள்களில் காலை 8.30 முதல் மாலை 5.30 வரை. மதிய இடைவேளை மட்டும் 12 மணிக்குப் பதில் 1.15 முதல் 2.15 வரை.
>
> அந்த நாள்களில் செய்யும் வேலை: பில்களைக் கொள்முதல் உத்தரவுடன் ஒப்பிடுவது, சப்ளையர் கணக்கு அறிக்கைகளைச் சரிபார்ப்பது, வியாழக்கிழமைப் பணப் பட்டியலைத் தயாரிப்பது. பட்டியல் புதன் மாலை 5 மணிக்குள் உங்கள் பார்வைக்கு வந்துவிடும். காகிதப் பில்கள் திங்களன்று அலுவலகத்தில் ஸ்கேன் செய்யப்படும்.
>
> மாதத்தின் கடைசி இரண்டு வேலை நாளும் முதல் மூன்று வேலை நாளும் எந்தக் கிழமையானாலும் அலுவலகம் வருவேன். செவ்வாய் அல்லது புதன் பொது விடுமுறையானால் அதற்கு ஈடாக வேறு நாள் கேட்க மாட்டேன். ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் தேவைப்பட்டால் ஐந்து நாளும் அலுவலகம் வர முடியும்.
>
> தொடர்பு: மேசை எண் கைபேசிக்குத் திருப்பிவிடப்படும். டீம்ஸ் செய்திக்கு 15 நிமிடம், மின்னஞ்சலுக்கு 2 மணி நேரத்துக்குள் பதில் தருவேன். அவசரமென்றால் கைபேசியில் அழைக்கவும். இடைவேளையும் கூட்டங்களும் பகிரப்பட்ட நாள்காட்டியில் குறிக்கப்பட்டிருக்கும். நேரில் கவனிக்க வேண்டியவற்றைக் கணக்குப் பிரிவில் உள்ள சக ஊழியர் அவருடைய சம்மதத்துடன் பார்த்துக்கொள்வார்.
>
> இணையம் தடைபட்டால் கைபேசி இணைப்பைப் பயன்படுத்துவேன். அதுவும் முடியாவிட்டால் 30 நிமிடத்துக்குள் உங்களுக்குத் தெரிவித்து, 2 மணி நேரத்தில் அலுவலகம் வந்துவிடுவேன். நிறுவன மடிக்கணினியையும் விபிஎன் இணைப்பையும் மட்டுமே பயன்படுத்துவேன். சப்ளையர் வங்கி விவர மாற்றங்களை அலுவலக நாள்களில், கோப்பில் உள்ள எண்ணுக்கு அழைத்து உறுதி செய்த பிறகே பதிவு செய்வேன்.
>
> ஜூன் இறுதியில் ஒரு முறை, பணப் பட்டியல் நேரத்துக்கு வந்ததா, பதில் தாமதம் ஏதும் இருந்ததா என்று சேர்ந்து பார்க்கலாம். வேறு ஏற்பாடு பொருத்தமாக இருந்தால் பேசத் தயாராக இருக்கிறேன். எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

தேதிகளைக் கவனித்தீர்களா? மார்ச் 2 அன்று கொடுத்தால் இரண்டு மாதக் கெடு மே 2 அன்று முடிகிறது. தொடக்கத் தேதி அதற்குப் பிந்தியது. அடுத்த வாரமே தொடங்க வேண்டும் என்று எழுதினால், யோசிக்க நேரமில்லை என்பதே மறுக்க ஒரு சாக்காகிவிடும். முடிவுத் தேதி போட்டிருப்பதும் வேண்டுமென்றுதான். முடிவில்லாமல் கேட்பதைவிட மூன்று மாதம் பார்ப்போம் என்பதற்கு ஆமாம் சொல்வது சுலபம்.

ஜூன் விடுமுறை வரியைப் பார்த்து, இதை நாமே ஏன் சொல்ல வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். பள்ளி இல்லாத நான்கு வாரத்தில் பள்ளியிலிருந்து கூட்டி வரும் காரணம் செல்லாது. மேலாளர் வீட்டிலும் பிள்ளைகள் இருப்பார்கள், அவருக்கு இது தெரியும்.

ஒரு எச்சரிக்கை. கடிதத்தில் வீடு என்றால் சிங்கப்பூர் வீடு. பொங்கலுக்கு ஊருக்குப் போய் இரண்டு வாரம் அங்கிருந்தே பார்க்கலாம் என்று இதே அனுமதியை நீட்டிக்காதீர்கள். இரண்டரை மணி நேர வித்தியாசம் சமாளிக்கக்கூடியதுதான். ஆனால் வெளிநாட்டிலிருந்து வேலை என்றால் நிறுவனம் வரியையும் தரவுப் பாதுகாப்பையும் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும்.

கொடுத்த பிறகு

பான்ட்ரியில் மேலாளரைப் பார்த்து "சரி, பார்க்கலாம்" என்று வாங்கும் பதிலுக்குக் கணக்கில்லை. முதலில் வாயால் சொல்லி வைப்பது மரியாதை, அதைச் செய்யுங்கள். ஆனால் அன்றே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், மனிதவளப் பிரிவுக்கும் ஒரு நகல் போகட்டும். கெடு அந்த எழுத்து கிடைத்த நாளிலிருந்துதான் ஓடும்.

பதில் மூன்று விதமாக வரலாம். அனுமதி வந்தால், நாள், நேரம், முடிவுத் தேதி மூன்றும் பதிலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், "நான் புரிந்துகொண்டது இது" என்று நீங்களே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். மேலாளர் மாறும்போது அந்த மின்னஞ்சல்தான் உங்கள் பக்கம் பேசும். ஒரு நாள் மட்டும் தரலாம் என்று வந்தால், நம் உதாரணத்தில் புதனை எடுத்துக்கொள்வேன், பணப் பட்டியல் அன்றுதான் அமைதியாக முடிய வேண்டும். செவ்வாய்க்கு வேறு வழி தேட வேண்டும்.

மறுத்தால் காரணத்தைப் படியுங்கள். செலவு கணிசமாகக் கூடும், வேலையின் அளவோ தரமோ குறையும், அந்த வேலையின் தன்மைக்கு இது ஒத்துவராது போன்றவை நெறிமுறை ஏற்கும் காரணங்கள். கிடங்கில் சரக்கை எண்ணும் வேலையை வீட்டில் செய்ய முடியாது, அதில் வாதாட ஒன்றுமில்லை. ஆனால் வேலையில் குறையே இல்லாதபோதும், "ஊழியர் என் கண்முன் இருக்க வேண்டும்" என்பதோ, "எங்கள் கம்பெனியில் இப்படி வழக்கமில்லை" என்பதோ நெறிமுறையின்படி நியாயமான காரணம் இல்லை. அப்போதும் கோபமாக எழுத வேண்டாம். "வேலையின் எந்தப் பகுதி பாதிக்கப்படும் என்று சொன்னால் ஏற்பாட்டை மாற்றித் தருகிறேன்" என்று கேட்டால், உண்மையான தடை இருந்தால் வெளியே வரும், அதற்கு ஏற்ப ஒரு நாளோ நேரமோ குறைத்துத் திரும்பக் கேட்கலாம்.

இரண்டு மாதம் கடந்தும் பதிலே இல்லை, கேட்டாலும் மழுப்புகிறார்கள் என்றால், நிறுவனத்தின் குறைதீர்க்கும் வழியைப் பயன்படுத்துங்கள். அதிலும் நகரவில்லையென்றால், நியாயமான வேலை நடைமுறைகளைக் கவனிக்கும் முத்தரப்புக் கூட்டணியான டாஃபெப்பை அணுகலாம். சங்க உறுப்பினர் என்றால் உங்கள் தொழிற்சங்கத்திடம் போகலாம். போகும்போது அனுப்பிய மின்னஞ்சல், தேதி, கிடைத்த பதில் மூன்றையும் அச்செடுத்து எடுத்துச் செல்லுங்கள்.